சும்மா நின்ற நாலு மிஷின்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மணி அங்கே கிளார்க்காகச் சேர்ந்து மூன்றாவது வாரம். 30-ஆம் கவுண்ட் கோம்டு நூல், 2,000 கிலோ. ஆர்டர் மெயிலை அடித்துவிட்டு, முகவரிப் பெட்டியில் 'sri' என்று தட்டியதும் வந்த முதல் பெயரை அழுத்தி அனுப்பிவிட்டான். நூல் மில்லுக்குப் போகவேண்டியது, சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. இரண்டுமே 'ஸ்ரீ'யில் ஆரம்பிக்கும். இந்த ஊரில் எதுதான் ஆரம்பிக்காது?

வியாழக்கிழமை நிட்டிங் மாஸ்டர் வந்து நின்றார். "நூல் எங்க தம்பி? நாலு மிஷின் சும்மா நிக்குது."

மில்லுக்குப் போன் செய்தான். "ஆர்டரே வரலீங்களே."

அனுப்பிய மெயிலைத் திறந்ததும் வியர்த்துவிட்டது. நேரே முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்ம நூல் ரேட்டும் பட்டறைக்காரருக்குத் தெரிஞ்சுபோச்சு, பார்த்தியா கண்ணு," என்றார். அப்புறம் அவரே மில்லுக்குப் பேசி, ராத்திரி லாரியில் 500 கிலோவாவது ஏற்றச் சொன்னார்.

லாரி வந்தபோது அதிகாலை இரண்டரை. மூட்டைகளை எண்ணி இறக்கும்வரை மணி வீட்டுக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் மெயிலை முழுதாக அடித்து, முகவரிப் பெட்டியில் உள்ள பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகுதான் அனுப்புகிறான். பக்கத்து மேஜை அக்கா சிரிப்பார். சிரிக்கட்டும்.