தொழிற்சாலை மூடல் மற்றும் ஆட்குறைப்பு அறிவிப்பு

திருப்பூர், அனுப்பர்பாளையம்
29 செப்டம்பர் 2025, திங்கட்கிழமை

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளில் பணிபுரியும் 34 பேருக்கும்,

அன்புள்ள தோழர்களே, சகோதரிகளே,

வருகிற அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்ததும் நம் கம்பெனி நிரந்தரமாக மூடப்படுகிறது. அன்றோடு உங்கள் அனைவரின் பணியும் முடிவுக்கு வருகிறது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி கொடுக்க வேண்டிய ஒரு மாத முன்னறிவிப்பு இதுதான். போர்டில் ஒட்டியிருப்பது போக, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி தருகிறோம். வாங்கிக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். சம்மதம் என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

காரணம் உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். நாம் தைக்கும் துணியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமாகவும், 27ஆம் தேதி முதல் 50 சதவீதமாகவும் அங்கே வரி ஏறிய பிறகு, நமக்கு ஜாப் ஒர்க் தந்துவந்த எக்ஸ்போர்ட் கம்பெனி புது ஆர்டர் எதுவும் தரவில்லை. மாடிப்படி ஓரம் அடுக்கியிருக்கும் 46 அட்டைப்பெட்டிகளும் ஐந்து வாரமாக அங்கேயேதான் இருக்கின்றன. டெலிவரி எடுக்க இதுவரை வண்டி வரவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வரி மேல் போடுவது நியாயமாக இருக்காது. 2021, 22இல் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு, மெஷின் ஓடாத மாதத்திலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருந்தது. பீஸ் ரேட்டை உயர்த்திக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை. அது என் தவறு. உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை. கடைசியாக அனுப்பிய லாட்டில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை.

இன்னும் ஆறு மாதம் இழுத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். இழுக்கலாம். ஆனால் அதற்குள் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் கரைந்துவிடும். கொடுக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே மூடுவது என்று முடிவெடுத்தேன். மெஷின்களுக்கு விலை பேசியாகிவிட்டது. வந்த முன்பணமும் என் சேமிப்பும் தனி வங்கிக் கணக்கில் உள்ளன. அதிலிருந்து உங்கள் பாக்கியைத் தவிர வேறு எதற்கும் பணம் எடுக்கப்படாது. கணக்குப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த ஒரு மாதமும் தையல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கம்போல் சனிக்கிழமைகளில் முழு வாரச் சம்பளம் உண்டு. வேறு இடத்தில் வேலை கேட்கப் போகிறவர்கள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம். நல்ல வேலை கிடைத்து 31ஆம் தேதிக்கு முன்பே சேர வேண்டியிருந்தால் தாராளமாகச் சேருங்கள். அதனால் இழப்பீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இனி பணக் கணக்கு. மூடல் இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேலான மிச்சத்தை ஒரு வருடமாகச் சேர்ப்போம். வாரச் சம்பளக்காரர்களுக்குக் கடைசி நான்கு வாரங்களை வைத்துச் சராசரி எடுப்பதுதான் சட்டம். ஆனால் இந்தச் செப்டம்பரில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம், பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ஆகவே வேலை முழுவதும் ஓடிய ஜூலை மாத நான்கு வாரங்களை எல்லோருக்கும் எடுத்துக்கொள்கிறோம். தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் மூன்று மாதச் சம்பளத்தோடு இழப்பீட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பண நெருக்கடியும் விற்காத சரக்கும் அந்தக் காரணத்தில் சேராது என்று அதே விதி சொல்கிறது. நானும் அந்த வழியில் போகவில்லை.

ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு இதோடு கிராஜுவிட்டியும் உண்டு. உதாரணத்துக்கு, நாள் சராசரி 600 ரூபாயில் 7 வருடம் 8 மாதம் வேலை பார்த்த ஓவர்லாக் டைலர் ஒருவருக்கு 8 வருடக் கணக்கு. இழப்பீடு 72,000, கிராஜுவிட்டி 72,000, ஆக 1,44,000 ரூபாய். எடுக்காத லீவுக்கான சம்பளம் தனி. இந்த வருடம்தான் சேர்ந்த நான்கு பேருக்குச் சட்டப்படி இழப்பீடு வராது என்றாலும், ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம்.

தீபாவளி போனஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்ற நிதியாண்டின் போனஸ், போன வருடம் கொடுத்த அதே 10 சதவீதம், அக்டோபர் 11, சனிக்கிழமை கையில் வரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான போனஸ் கடைசிக் கணக்கில் சேரும். பண்டிகை முன்பணத்தில் 5,000 ரூபாய் வரை பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது தள்ளுபடி. அதற்கு மேல் இருப்பவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன், இழப்பீட்டிலிருந்து பிடிக்க மாட்டேன்.

அவரவர் கணக்குத் தாள் அக்டோபர் 18ஆம் தேதி கொடுக்கப்படும். வருடமோ தொகையோ தவறாகப் பட்டால் 25ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். பழைய மஸ்டர் ரோல் எல்லாம் ஆபீஸ் மேஜையில் இருக்கும். முழுத் தொகையும் 31ஆம் தேதி ஷிப்ட் முடிவதற்குள் வங்கிக் கணக்கில் ஏறிவிடும்.

பி.எஃப். விலகல் தேதியை நாங்களே பதிவு செய்வோம். அடுத்த கம்பெனியில் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுங்கள். அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடாதீர்கள், பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். இ.எஸ்.ஐ. சந்தா அக்டோபர் வரை கட்டப்படும். மருத்துவச் சலுகை எதுவரை உண்டு என்று உங்கள் டிஸ்பென்சரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குக் காத்திருக்கும் தங்கையின் விண்ணப்பத்தை அடுத்த வாரமே நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

சர்வீஸ் சர்டிபிகேட்டில் ‘தொழிற்சாலை மூடப்பட்டதால்’ என்றே எழுதுவோம். ‘நீக்கம்’ என்ற சொல் அதில் வராது. பக்கத்துக் கம்பெனிகள் சிலவற்றில் பேசியிருக்கிறேன், உள்நாட்டு ஆர்டர் தைக்கும் இரண்டு இடங்களில் பிளாட்லாக் டைலர்களும் செக்கிங் ஆட்களும் தேவைப்படுகிறார்கள். போக விரும்புகிறவர்கள் ஆபீஸில் பெயர் கொடுங்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேருக்கும் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிறோம், நவம்பர் 10 வரை அறையில் தங்கலாம். இந்த அறிவிப்பு அவர்களுக்கு இன்று மதியம் இந்தியில் வாசித்துக் காட்டப்படும்.

50 பேருக்குக் குறைவாக இருப்பதால் அரசுக்கு 60 நாள் நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனாலும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு இதன் பிரதியை அனுப்பியிருக்கிறோம். ஏதேனும் சந்தேகம் இருந்தால் அங்கேயும் கேட்கலாம், உங்கள் சங்கத்தைக் கூட்டி வந்தும் பேசலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நாளை மறுநாள் ஆயுத பூஜை வழக்கம்போல் நடக்கும். காலையில் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்துவிடுங்கள். பொரியும் கடலையும் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

பதினாறு வருடம் உங்கள் கைவேலையில்தான் என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. உங்களுக்கு நன்றி, இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டி வந்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்

பிரதிகள்: தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம், திருப்பூர், அறிவிப்புப் பலகை, பணியாளர் ஒவ்வொருவரின் கோப்பு