ஒருதலைப்பட்சமாக முடிந்த காணி விசாரணையை மீண்டும் திறக்கக் கோரும் விண்ணப்பம்

உப்புவெளி,
திருகோணமலை.
2025 யூன் 16

விசாரணை உத்தியோகத்தர் அவர்கட்கு,
காணிப் பிரிவு, பிரதேச செயலகம்.

ஐயா,

ஏப்ரல் 24 ஆம் திகதி நடந்த விசாரணைக்கு நான் வரவில்லை என்பதற்காக எனது அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யச் சிபாரிசு செய்திருப்பதாக மே 20 ஆம் திகதியிட்ட உங்கள் கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதமும், விசாரணைக்கு அழைத்த ஏப்ரல் 3 ஆம் திகதிக் கடிதமும் எனது கைக்கு வந்தது கடந்த சனிக்கிழமை, யூன் 14 அன்றுதான். அப்படி ஒரு தவணை இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு கடிதங்களும் உவர்மலையில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த மாடி வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கின்றன. அந்த வீட்டை 2024 ஜனவரியில் விட்டுவிட்டோம். கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, படி ஏற முடியாமல் போனதால் உப்புவெளியில் நிலத்தோடு உள்ள வீட்டுக்கு வந்தோம். கீழ் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைத்து வாங்கி, வேறு தபால்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. சனிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலில் பழைய அயல்வீட்டு அக்காவைக் கண்டபோது அவதான், "உங்கட பேரில கொஞ்சக் கடிதம் கிடக்குது பிள்ளை" என்றா. உடனே ஆட்டோ பிடித்துப் போய் எடுத்தேன். உங்கள் கோவையில் தபால் ஒப்புகை அட்டை இருந்தால் பாருங்கள், அதிலுள்ள கையெழுத்து என்னுடையதல்ல. எனது அடையாள அட்டைப் பிரதியை ஒப்பிட்டுப் பார்க்க இத்துடன் வைக்கிறேன்.

மின்னஞ்சலிலும் அறிவித்ததாகக் கடிதத்தின் அடியில் குறித்திருக்கிறீர்கள். 2019 இல் படிவம் நிரப்பும்போது என்னிடம் மின்னஞ்சல் இல்லாததால் தம்பியின் மின்னஞ்சலைக் கொடுத்தேன். அவர் 2022 இல் கட்டாருக்குப் போய்விட்டார், அதை இப்போது பாவிப்பதில்லை. வீடு மாறியதைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து வாக்காளர் இடாப்பிலும் மாற்றினேன். அது போதும் என்று நினைத்துக் காணிப் பிரிவுக்குத் தனியாக எழுதித் தராமல் விட்டது எனது பிழை, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிழைக்கு 1998 இல் இருந்து என் பேரில் உள்ள காணியை இழப்பது மிகப் பெரிய தண்டனை.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படியும், அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யுமுன் காரணம் காட்டச் சந்தர்ப்பம் தர வேண்டும். காகிதத்தில் அது தரப்பட்டிருக்கிறது, என்னை வந்து சேரவில்லை. வந்திருந்தால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது முறைப்பாடு. அங்கே இருப்பது கணவரின் தங்கை குடும்பம். வாடகையோ குத்தகையோ வாங்குவதில்லை, எந்த எழுத்தும் இல்லை. கிணற்றைத் துப்புரவாக்கி, பதினான்கு தென்னைக்கும் தண்ணீர் ஊற்றி, வேலியைக் காத்துத் தருகிறார்கள். கணவருக்குக் கிழமையில் இரண்டு நாள் டயலிசிஸ் செய்ய வேண்டியிருப்பதால்தான் நான் பட்டணப் பக்கம் இருக்கிறேன். கரண்ட் பில் இன்றும் என் பேரில்தான் வருகிறது. வருடாந்தக் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பக்கத்துக் காணிக்காரர் இருவர் நேரில் வந்து சொல்லவும் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆகவே, ஏப்ரல் 24 இல் நான் இல்லாமல் எடுத்த தீர்மானத்தை நீக்கி, எனக்கு ஒரு புதிய தவணை தருமாறு தயவாகக் கேட்கிறேன். சிபாரிசு மேலிடத்துக்கு ஏற்கனவே போயிருந்தால், இந்த விண்ணப்பத்தை அங்கும் அனுப்பி, முடிவு வரும்வரை காணியை வேறு எவருக்கும் வழங்காமல் நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். மேன்முறையீட்டுக்கு ஏதும் கால எல்லை இருந்தால், அதைக் கடிதம் கையில் கிடைத்த யூன் 14 இலிருந்து கணக்கிடுங்கள்.

முறைப்பாட்டினதும் வெளிக்கள அறிக்கையினதும் பிரதி தவணைக்கு முன் கிடைத்தால்தான் சரியாகப் பதில் சொல்லலாம். மூன்று கிழமை அவகாசம் போதும். திங்களும் வியாழனும் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்ற எந்த நாளென்றாலும் வருவேன். காணியை நேரில் வந்து பார்க்க விரும்பினால் அதற்கும் முழுச் சம்மதம்.

புதிய விலாசத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பழைய வீட்டுக்காரரின் கடிதம், திகதி முத்திரையுள்ள இரண்டு கடித உறைகளின் பிரதி, கணவரின் கிளினிக் அட்டைப் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டுகள் இணைத்துள்ளேன். கடித உறைகளின் மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். இனிமேல் எந்த அறிவித்தலையும் சான்றிதழில் உள்ள உப்புவெளி விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தம்பியின் மின்னஞ்சலைக் கோவையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் கிடைத்த திகதியை முத்திரையிட்டுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
இ. தவமலர்
(அனுமதிப்பத்திரதாரர்)