நவம்பர் மாச கால் ரிப்போர்ட்: எந்தப் பிரச்சனை எத்தனை தடவ வந்துச்சு

ஆபரேஷன்ஸ், ஃபீல்டு, பில்லிங் மூணு டீமுக்கும் சேர்த்தே இத போடுறேன், தனித்தனியா அனுப்பினா போன மாசம் மாதிரி ஆளுக்கொரு நம்பர வச்சுக்கிட்டு மீட்டிங்ல மல்லுக்கட்டுவோம். நவம்பர் 1 காலைல இருந்து 30 ராத்திரி வரைக்கும் வந்த கால் சம்மரி எல்லாத்தையும் படிச்சு பிரிச்சு எண்ணினது இது.

அவசரத்துல இருக்கவங்க இத மட்டும் படிச்சா போதும்: டேபிள்ல மொத இடம் ஸ்லோ நெட்டுக்குதான், ஆனா இந்த மாசம் நம்ம லைன அடைச்சது டெக்னீஷியன் வராததுதான். 96 கஸ்டமர், 197 கால். அதாவது ஒரே ஆளு சராசரியா ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காரு. வேற எந்தப் பிரச்சனைலயும் இது ஒன்றரைய தாண்டல.

எப்படி எண்ணினேன்னு சொல்லிடுறேன், இல்லனா பின்னாடி கேள்வி வரும். சிஸ்டத்துல இருந்த சம்மரி மொத்தம் 1,236. அதுல 88 ராங் நம்பர், இல்ல எடுத்த உடனே கட் ஆனது. 31 ஒரே காலுக்கு ரெண்டு தடவ சேவ் பண்ணது. 203 பேர் புது கனெக்‌ஷன், பிளான் விவரம்னு சும்மா கேக்க கூப்பிட்டவங்க. இதெல்லாம் கழிச்சா மிச்சம் 914 கால், அதுக்குப் பின்னாடி 611 கஸ்டமர். ஒரே கால்ல ரெண்டு பிரச்சனை சொன்னவங்க 62 பேர் இருந்தாங்க, எதுக்காக போன் பண்ணாங்களோ அத மட்டும்தான் கீழ எண்ணிருக்கேன், ரெண்டாவதா சொன்னது ஷீட்ல தனி காலம்ல இருக்கு.

| பிரச்சனை | கால் | சதவீதம் | கஸ்டமர் | அக்டோபர் கால் |
|---|---|---|---|---|
| நெட் ஸ்லோ | 238 | 26.0 | 171 | 251 |
| டெக்னீஷியன் வரல | 197 | 21.6 | 96 | 128 |
| பில் குழப்பம் | 164 | 17.9 | 139 | 170 |
| லிங்க் முழுசா கட் | 151 | 16.5 | 118 | 149 |
| பணம் கட்டியும் கனெக்‌ஷன் வரல | 71 | 7.8 | 52 | 66 |
| ஆப் லாகின், ஓடிபி | 48 | 5.3 | 44 | 52 |
| மத்தது | 45 | 4.9 | 41 | 45 |
| மொத்தம் | 914 | 100 | | 861 |

கஸ்டமர் காலத்த கூட்டினா 661 வரும், 611 வராது. தப்பு இல்ல, 50 பேர் ரெண்டு வரிசைல இருக்காங்க. அந்த 50ல 37 பேரு மொதல்ல லிங்க் கட்னு கூப்பிட்டு, அப்புறம் ஆள் வரலன்னு கூப்பிட்டவங்க.

அக்டோபர விட 53 கால் கூடிருச்சேன்னு பதறாதீங்க, கனெக்‌ஷனும் 7,900ல இருந்து 8,200 ஆயிருக்கு. 100 கனெக்‌ஷனுக்கு போன மாசம் 10.9 கால், இந்த மாசம் 11.1. கிட்டத்தட்ட அதேதான். ஆனா டெக்னீஷியன் வரல மட்டும் 1.6ல இருந்து 2.4க்கு போயிருக்கு, அத கனெக்‌ஷன் கூடுனதுன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

டெக்னீஷியன் வராதது

ஒரே கஸ்டமரோட நாலு சம்மரிய அப்படியே ஒட்டுறேன், நாலும் நாலு ஏஜெண்ட் எழுதினது:

6ஆம் தேதி: "லைட் சிவப்பா எரியுது, டிக்கெட் போட்டாச்சு, நாளை 10 டு 1 ஸ்லாட்."
7ஆம் தேதி: "டெக்னீஷியன் வரவில்லை என புகார். ரீஷெட்யூல்."
9ஆம் தேதி: "கஸ்டமர் கோபம். டிக்கெட் குளோஸ் ஆகியுள்ளது, புதிய டிக்கெட் போட்டாச்சு."
11ஆம் தேதி: "கனெக்‌ஷன் கேன்சல் பண்ண கேக்குறார், சூப்பர்வைசருக்கு மாத்தியாச்சு."

தனித்தனியா படிச்சா நாலும் சாதாரண சம்மரி. 9ஆம் தேதி ஏஜெண்ட் புது டிக்கெட் போட்டதால சிஸ்டத்துக்கு இது மறுபடியும் மொத நாள் புகார், வயசு ஜீரோ ஆயிருச்சு. அதனாலதான் டிக்கெட் ரிப்போர்ட்ல எல்லாம் நேரத்துல முடிஞ்ச மாதிரி பச்சையா தெரியுது, இங்க வந்து பாத்தா மனுஷன் அஞ்சு நாளா நெட் இல்லாம உக்காந்திருக்காரு. அக்கவுண்ட் நம்பர வச்சு சம்மரிய வரிசையா அடுக்கினப்பதான் எனக்கே இது கண்ணுல பட்டுச்சு.

அந்த 96 பேர்ல 58 பேரோட டிக்கெட்ல குளோஸ் பண்ண காரணம் 'வீடு பூட்டியிருந்தது'. சந்தேகம் வந்து 20 பேரோட ரெக்கார்டிங்க கேட்டேன், 13 பேரு நாம கேக்காமலே 'நாங்க வீட்லதான் இருந்தோம், போன் கூட வரல'ன்னு சொல்றாங்க. ஃபீல்டு ஆப் கால் லாக்ல அந்த 13ல 11 பேருக்கு அன்னிக்கு கால் போனதா இல்ல. டெக்னீஷியன் சொந்த நம்பர்ல கூப்பிட்டிருந்தா லாக்ல வராது, அதையும் சொல்லிடணும்.

ஆனா தப்பு பசங்க மேலன்னு நான் எழுத மாட்டேன். அக்டோபர் கடைசில ரெண்டு பேரு வேலைய விட்டு போனாங்க, ஆறு பேர் நாலு ஆனாங்க. ஒரு ஸ்லாட்ல ஒருத்தர் ரெண்டு வீடு பாப்பாரு, ஆக எட்டு. புக்கிங் ஸ்கிரீன்ல இன்னும் 12 திறந்தே கிடக்கு! நம்ம ஏஜெண்டுக்கு ஸ்லாட் காலியா தெரியுது, குடுக்குறாங்க. ஸ்லாட் நிறைஞ்ச நாள்லாம் நாலு வீட்டுக்கு ஆள் போகாதுங்கறது காலைலயே முடிவாயிருச்சு, சாயங்காலம் டார்கெட்டுக்கு பயந்து அந்த நாலும் பூட்டின வீடு ஆயிடுது.

நெட் ஸ்லோ

238ல 79 சம்மரி வெறும் 'ஸ்லோ'ன்னு மட்டும் இருக்கு, வைஃபைலயா கேபிள்லயான்னு கேக்கவே இல்ல, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மிச்சம் 159ல 102 பேருக்கு கேபிள் போட்டு பாத்தா வேகம் சரியா வருது, வைஃபைல மட்டும்தான் இழுக்குது. ரவுட்டர் ஒரு ரூம்ல, மொபைல் ரெண்டு சுவர் தாண்டி இன்னொரு ரூம்ல, போன் 5 கிகாஹெர்ட்ஸ விடாம பிடிச்சுக்கிட்டு தொங்குது, இல்ல 2.4ல பக்கத்து வீட்டு ரவுட்டரோட முட்டிக்கிட்டு இருக்கு. இது போன்லயே தீர வேண்டிய விஷயம், இருந்தும் 102ல 44 பேருக்கு டெக்னீஷியன் டிக்கெட் போட்டிருக்கோம். மேல சொன்ன ஸ்லாட் நெருக்கடிக்கு நாமளே விறகு போட்டிருக்கோம்னு அர்த்தம்.

100 எம்பிபிஎஸ் பிளான்ல டவுன்லோடு 12தான் காட்டுதுன்னு சொன்னவங்களும் இதுல இருக்காங்க. அது மெகாபைட், எட்டால பெருக்கினா கணக்கு சரியா வரும், பிரச்சனையே இல்ல.

நெஜமான கோளாறு மிச்ச 57தான், கேபிள்லயும் ஸ்லோ. அதுல 41 ஒரே ரெண்டு ஓஎல்டி போர்ட்ல இருந்து வருது, பெரும்பாலும் ராத்திரி 7ல இருந்து 11க்குள்ள. நெட்வொர்க் டீம் அந்த ரெண்டு போர்ட்ல பீக் நேர லோட பாத்தா போதும், மத்தத தேட வேணாம். போர்ட் நம்பர் ஷீட்ல இருக்கு.

லிங்க் கட்

151, போன மாசம் 149, அதனால மாற்றம் இல்லன்னு தோணும். அப்படி இல்ல. 14ஆம் தேதி ரோடு தோண்டினப்ப மெயின் ஃபைபர் அறுந்து அன்னிக்கு மட்டும் 61 கால். அத எடுத்துட்டா 90தான். அக்டோபர்ல அப்படி பெரிய கட் எதுவும் இல்ல, ஆக வழக்கமா வர LOS லைட் புகார் நெஜமாவே குறைஞ்சிருக்கு. ஸ்ப்ளைஸ் பாக்ஸ் மாத்தின வேலைக்கு கிடைச்ச பலன்னு நினைக்கிறேன், ஃபீல்டு டீம் இத சொல்லிக்காட்டலாம், யாரும் பாராட்டல.

பில், பேமெண்ட், மத்தது

பில்ல 164ல 87 ஒரே கேள்வி: மாசத்துக்கு நடுவுல பிளான் மாத்தினேன், பில் ஏன் கூட வந்திருக்கு. பழைய பிளான் சில நாள், புது பிளான் மிச்ச நாள், அடுத்த மாச அட்வான்ஸ், மூணும் ஒரே பில்ல ஒரே தொகையா வருது. கணக்கு சரிதான், பில்லதான் புரியற மாதிரி பிரிச்சு காட்டல. மூணையும் மூணு வரியா போட்டா பாதி கால் நிக்கும், இத செப்டம்பர் ரிப்போர்ட்லயும் எழுதினேன். மிச்சத்துல 39 கட்டின பில் பாக்கின்னு காட்டுறது, 22 ரவுட்டர் வாடகை, 16 உதிரி.

பணம் கட்டியும் கனெக்‌ஷன் வராத 71ல 49 வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயிறுக்குள்ள வந்தது. வேற ஆப் மூலமா கட்டினத நம்ம அக்கவுண்டோட பொருத்துற ஆளுங்களுக்கு அப்ப லீவு. ஓடிபில புதுசா எதுவும் இல்ல.

இந்த நம்பர எவ்வளவு நம்பலாம்

நானும் குவாலிட்டி டீம்ல ஒருத்தரும் ஒரே 100 சம்மரிய தனித்தனியா பிரிச்சு பாத்தோம், 83ல ஒத்துப்போச்சு. மிச்ச 17ல பெரும்பாலும் 'நெட் வரல'ங்கற ரெண்டு வார்த்தை சம்மரி. ஸ்லோவும் நெட் வரலதான், லிங்க் கட்டும் நெட் வரலதான், பில் கட்டாம நின்னு போனதும் நெட் வரலதான். மாசம் முழுக்க அப்படி 112 இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் டிக்கெட்ட திறந்து பாத்து, அதுலயும் இல்லனா ரெக்கார்டிங் கேட்டு பிரிச்சேன். ரெண்டு நாள் போச்சு. ஸ்லோவுக்கும் கட்டுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு கால் இப்படி அப்படி இருக்கலாம், டெக்னீஷியன் கணக்குல அந்த சந்தேகம் இல்ல.

யாருக்காவது சரிபாக்கணும்னா ஷீட்ல B காலம் பிரச்சனை, இத போட்டா 197 வரணும்:

```
=COUNTIF(B2:B915,"டெக்னீஷியன் வரல")
```

டிசம்பருக்கு கேக்குறது

ஃபீல்டு ஆளு கிடைக்கிற வரைக்கும் புக்கிங் ஸ்லாட்ட இன்னிக்கே 12ல இருந்து 8 ஆக்கணும், கஸ்டமருக்கு ரெண்டு நாள் தள்ளி தேதி குடுத்தாலும் பரவால்ல, சொன்ன நாள்ல ஆள் போகணும். ஏழு நாளுக்குள்ள அதே அக்கவுண்ட்ல அதே புகார் வந்தா புது டிக்கெட் போடாம பழசையே ரீஓப்பன் பண்ணணும். ஏஜெண்டுங்க சம்மரில மூணு விஷயம் கட்டாயம்: லைட் என்ன நிறம், கேபிள்லயா வைஃபைலயா, இது எத்தனாவது தடவ கூப்பிடுறாரு. ஷிஃப்ட் லீடுங்க கிட்ட சொல்லிட்டேன், நைட் ஷிஃப்ட் மட்டும் இன்னும் பதில் சொல்லல.

11ஆம் தேதி கேன்சல் கேட்டவரோட லைன் 12ஆம் தேதி சரியாயிருச்சு, ஆனா கேன்சல் ரிக்வஸ்ட் இன்னும் ஓப்பன்ல இருக்கு. ஃபீல்டு லீட் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவருக்கு ஒரு போன் போட்டுருங்க.