பல்லின் அமைப்பு: எனாமலும் டென்டைனும் (முதலாமாண்டு டென்டல் ஹைஜீன் வகுப்புக் குறிப்பு, தருமபுரி)

போன வாரம் ஓ.பி.க்குப் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மேல் முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கறை. "மேடம், அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்காங்க. இந்தக் கறைய நல்லா தேய்ச்சு எடுத்துடுங்க" என்றார். ஸ்கேலர் டிப்பை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்தக் கறை போகாது. ஏன் போகாது என்பதை அவருக்குப் புரியும்படி உங்களால் சொல்ல முடிகிற அன்று இந்தப் பாடம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பல்லின் பாகங்கள்

எனாமல் மூடியிருக்கும் பகுதி கிரவுன். சிமென்டம் மூடியிருக்கும் பகுதி ரூட். இரண்டும் சந்திக்கும் கோடு சர்விகல் லைன். இதையே சிமென்டோ எனாமல் ஜங்ஷன், சுருக்கமாக சிஇஜே என்கிறோம். உள்ளே நடுவில், நரம்பும் ரத்தக்குழாய்களும் உள்ள மென்திசு பல்ப். அதைச் சுற்றிக் கிரவுனிலும் ரூட்டிலும் தொடர்ந்து ஓடுவது டென்டைன். பல்லின் பெரும்பகுதி டென்டைன்தான், எனாமல் இல்லை.

ஒரு வித்தியாசத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எனாமல் இருக்கும் வரை அனாட்டமிகல் கிரவுன். வாயில் கண்ணுக்குத் தெரிவது கிளினிகல் கிரவுன். ஈறு இறங்கிய வயதானவருக்குக் கிளினிகல் கிரவுன் நீளமாகத் தெரியும். அதன் ஈறை ஒட்டிய பகுதியில் உங்கள் கருவி தொடுவது ரூட். அங்கே எனாமலே கிடையாது.

பல் வகைகள்

பால்பற்கள் 20. ஒரு க்வாட்ரன்டுக்கு இரண்டு இன்சிசர், ஒரு கேனைன், இரண்டு மோலார். பால்பல் வரிசையில் பிரீமோலார் இல்லை. வைவாவில் பலர் தடுமாறும் இடம் இது. நிரந்தரப் பற்கள் 32. க்வாட்ரன்டுக்கு இன்சிசர் இரண்டு, கேனைன் ஒன்று, பிரீமோலார் இரண்டு, மோலார் மூன்று.

இன்சிசர் வெட்டும், கேனைன் கிழிக்கும், மோலார் அரைக்கும். இது பள்ளியிலேயே படித்தது. உங்கள் வேலைக்குத் தேவையானது வேர்க்கணக்கு. மேல் மோலாருக்குப் பொதுவாக மூன்று ரூட்: கன்னத்தை ஒட்டிய பக்கல் பக்கம் இரண்டு, அண்ணத்தை ஒட்டிய பாலட்டல் பக்கம் ஒன்று. கீழ் மோலாருக்கு இரண்டு: முன்புறம் மீசியல், பின்புறம் டிஸ்டல். மேல் முதல் பிரீமோலாருக்குப் பெரும்பாலும் இரண்டு. ரூட் பிரியும் இடமான ஃபர்கேஷனில் கால்குலஸ், அதாவது கெட்டிப்பட்ட காரை, தங்கினால் கண்ணுக்குத் தெரியாது; எத்தனை ரூட், எந்தப் பக்கம் என்று தெரிந்த விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

அப்புறம், ஆறு வயதில் வரும் முதல் மோலார், எஃப்டிஐ எண்ணில் 16, 26, 36, 46. எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால் மோலாருக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். "பால்பல்தானே, விழுந்துடும்" என்று அம்மாக்கள் விட்டுவிடுவது இந்தப் பல்லைத்தான். பள்ளி முகாமுக்குப் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

எனாமல்

உடம்பிலேயே மிகக் கடினமான திசு. எடையில் சுமார் 96 சதவீதம் தாது, அதாவது ஹைட்ராக்சிஅபடைட் படிகங்கள். மீதி தண்ணீரும் கொஞ்சம் புரதமும். படிகங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து எனாமல் ராடுகளாக, டென்டைன் எல்லையிலிருந்து மேற்பரப்பு நோக்கி நிற்கின்றன. மெல்லும் பரப்பின் மேடான கஸ்ப் நுனியில் தடிப்பு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டும்; சர்விகல் லைனுக்கு வரவர மெலிந்து கத்தி முனை போல முடியும்.

இதை உருவாக்குவது அமீலோபிளாஸ்ட் செல்கள். முதலில் புரதச் சட்டம் போடும். பிறகு மெச்சுரேஷன் கட்டத்தில் அந்தப் புரதத்தை வெளியேற்றி, அந்த இடத்தில் தாதுவை நிரப்பும். பல் முளைக்கும்போது இந்தச் செல்கள் அழிந்துவிடும். ஆகவே உடைந்த எனாமலைத் திரும்பக் கட்ட ஆளே கிடையாது. ஆரம்ப நிலை வெள்ளைப் புள்ளியில் உமிழ்நீரும் ஃபுளோரைடும் தாதுவைக் கொஞ்சம் திருப்பி வைக்கும், அது ரீமினரலைசேஷன். குழி விழுந்துவிட்டால் அதுவும் உதவாது.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் போனால், மெச்சுரேஷனில் புரதம் சரியாக வெளியேறாது. மேற்பரப்பு ஓரளவு நன்றாகவே இருக்கும். அதற்கு அடியில் எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். இதுதான் ஃபுளோரோசிஸ். முளைக்கும்போது பல் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் வரும். பழுப்பு பிறகு அந்தத் துளைகளில் ஏறுவது.

லேபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபுளோரோசிஸ் உள்ள பல்லை ஈரமாக வைத்துப் பாருங்கள். பிறகு ஏர் சிரிஞ்சால் சில நொடி காற்றடியுங்கள். மங்கலாக இருந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று வெளுக்கும். துளையிலிருந்த தண்ணீர் போய்க் காற்று புகுந்ததால் ஒளி வேறு மாதிரி சிதறுகிறது. கறை எனாமலின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கிரவுன் முழுதாக உருவான பிறகு எனாமலுக்கு ஃபுளோரோசிஸ் வராது. முப்பது வயதில் வெளியூரிலிருந்து இங்கே குடிவந்தவர் பல்லில் கறை இருந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்: வெற்றிலை, புகையிலை, டீ. அவை மேலே படிந்தவை, பாலிஷிங்கில் போகும்.

டென்டைன்

சுமார் 70 சதவீதம் தாது, 20 கரிமப் பொருள், 10 தண்ணீர். கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன். இதனால்தான் டென்டைன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கடினமான, எளிதில் நொறுங்கும் எனாமலைக் கீழிருந்து தாங்கும். நிறம் வெளிர் மஞ்சள். எனாமல் ஒளி ஊடுருவுவது என்பதால் பல்லின் மஞ்சள் சாயல் இங்கிருந்துதான் வருகிறது. "பல் மஞ்சளா இருக்கு" என்கிற எல்லோருக்கும் அழுக்கு என்று சொல்லிவிடாதீர்கள்.

உருவாக்குவது ஓடோன்டோபிளாஸ்ட். இவை அழிவதில்லை, பல்ப் ஓரத்தில் உயிரோடு வரிசையாக நிற்கும். அதனால் டென்டைன் வாழ்நாள் முழுதும் சேரும். ரூட் முழுமையாகும் வரை உருவாவது பிரைமரி, அதன் பின் மெதுவாகச் சேர்வது செகண்டரி, சொத்தை, தேய்மானம் போன்ற தாக்குதலுக்குப் பதிலாக வருவது டெர்ஷரி.

டென்டைன் முழுக்க டியூபியூல்கள், உள்ளே திரவம். குளிர்ந்த காற்றோ இனிப்போ பட்டால் அந்தத் திரவம் நகரும், பல்ப் ஓரத்து நரம்பு உணரும்: ஹைட்ரோடைனமிக் தியரி. டியூபியூல்கள் பல்ப் பக்கம் அகலமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், அதனால் ஆழம் போகப் போகக் கூச்சம் கூடும். ரூட் மேல் சிமென்டம் மிக மெல்லியது. சில பற்களில் சிஇஜேயில் எனாமலும் சிமென்டமும் தொடாமல் டென்டைன் திறந்தே கிடக்கும். அங்கே ஸ்கேலரை அழுத்தினால் நோயாளி துள்ளிவிடுவார். டிப்பைப் படுக்க வைத்து, லேசாக, நகர்த்திக்கொண்டே இருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மேலே படிந்ததை மட்டும் எடுத்துவிட்டு, உள்கறைக்கு மைக்ரோஅப்ரேஷனா வெனீரா என்று முடிவு செய்ய டாக்டரிடம் அனுப்பினேன். கூட அவருடைய அக்காவும், அக்காவின் இடுப்பில் இரண்டு வயதுப் பையனும் இருந்தார்கள். அந்த வயதில் நிரந்தர முன்பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டேன். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, ஆனால் சமையலுக்கும் பையனுக்கும் தோட்டத்து போர்தான் என்றார். இன்றிலிருந்து அவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையே வையுங்கள் என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் அதையும் எழுதினேன். உங்கள் கேஸ் ஷீட்டிலும் தண்ணீர் எங்கிருந்து என்று ஒரு வரி இருக்க வேண்டும்.