தாமத இழப்பீட்டை இறுதி பில்லில் பிடித்தம் செய்தல்: நான்கு வகுப்பறைக் கட்டட வேலை

தஞ்சாவூர்
18.08.2025

அனுப்புநர்: செயலாளர், பள்ளிக் கட்டடக் குழு
பெறுநர்: கட்டட ஒப்பந்ததாரர் அவர்கள்

ஐயா,

25.11.2024 அன்று நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி நான்கு வகுப்பறைகளையும் 31.05.2025-க்குள் முடித்துத் தந்திருக்க வேண்டும். ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறக்கிறது என்பதால்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினோம். நீங்கள் கட்டடத்தை ஒப்படைத்தது 05.08.2025 அன்று. ஆக, ஜூன் 1 முதல் கணக்கிட்டால் 66 நாள் தாமதம்.

இதில் எங்கள் பக்கத்துத் தவறையும் கழித்துவிட்டோம். மின்சார வரைபடத்தை மாற்றிக் கொடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட 4 நாள், மே மாத மழையில் வேலை நின்றதாகத் தளப் பதிவேட்டில் இருக்கும் 6 நாள், இரண்டும் உங்களுக்குச் சேர வேண்டியவை. மீதி 56 நாள். எம்-சாண்ட் விலை ஏறியதையும் ஆள் கிடைக்காததையும் காரணம் காட்டி நீங்கள் கூடுதலாகக் கேட்ட 30 நாளை ஏற்க முடியவில்லை. பிரிவு 9 இவ்விரண்டையும் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்றே சொல்கிறது.

பிரிவு 14-இன்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தத் தொகையில் 0.05% இழப்பீடு, மொத்தம் 5%-க்கு மேல் போகக் கூடாது.

ஒப்பந்தத் தொகை: ரூ.48,00,000
நாளொன்றுக்கு 0.05%: ரூ.2,400
56 நாளுக்கு: 56 × 2,400 = ரூ.1,34,400
உச்சவரம்பு 5%: ரூ.2,40,000 (பிடித்தம் இதற்குள் அடங்குகிறது)
இறுதி பில்: ரூ.6,20,000
பிடித்தம் போக: ரூ.4,85,600

டிடிஎஸ் வழக்கம்போல் முழு பில் தொகைக்குக் கணக்கிட்டு, இந்த மீதியிலிருந்து கழிக்கப்படும். இழப்பீட்டுத் தொகைக்கு ஜிஎஸ்டி சேர்க்கவில்லை.

தாமதமாக ஒப்படைத்ததை ஏற்றுக்கொண்டாலும் இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 55-ஆம் பிரிவைச் சுட்டி, ஒப்படைப்புக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறோம். அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, தெரியும். இது நியாயமானதுதான் என்று மனதார நம்புகிறோம். ஒன்பது வாரத்துக்கு மேல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்துதான் படித்தார்கள். மதியம் பன்னிரண்டரைக்குத் தட்டு வைக்க இடம் வேண்டுமென்று பாடத்தைப் பாதியில் நிறுத்திப் பாயைச் சுருட்ட வேண்டியிருந்தது. ஜன்னல் கிரில் வர மட்டுமே 19 நாள் காத்திருந்தோம்.

வேலையின் தரத்தில் எங்களுக்குக் குறையில்லை. பூச்சும் தரையும் நன்றாகவே வந்திருக்கின்றன. இந்தப் பிடித்தம் தாமதத்துக்கு மட்டும்தான். பிடித்து வைத்துள்ள காப்புத் தொகை ரூ.1,20,000-ஐ இதில் தொடவில்லை. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் அது உங்களுக்கு வந்துசேரும்.

நாள் கணக்கில் மாறுபாடு இருந்தால், தளப் பதிவேட்டின் பக்கத்தைக் காட்டி 01.09.2025-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். சரியாக இருந்தால் திருத்திக்கொள்கிறோம். பதில் வராவிட்டால் 03.09.2025 அன்று மீதித் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்
பள்ளிக் கட்டடக் குழு

இணைப்பு: ஒப்படைப்புக் குறிப்பு, தளப் பதிவேட்டின் நகல், பிரிவு 9, 14 நகல்