மக யூகே விசாவுக்கு பேலன்ஸ் சர்டிபிகேட்டும், எஃப்டி லோன் முடிஞ்ச லெட்டரும் வேணும் மேடம்

மேனேஜர் மேடம் வணக்கம், நான் கீழ ராஜ வீதி எலக்ட்ரிக்கல் கடை செல்வராஜ். நம்ம பிராஞ்ச்லதான் எஸ்பி அக்கவுண்ட் (கடைசி நாலு நம்பர் 4471), எஃப்டி (கடைசி நாலு 0826) ரெண்டும் இருக்கு. மக நிவேதா செப்டம்பர்ல எம்எஸ்சி படிக்க இங்கிலாந்து போறா, அவ ஸ்டூடன்ட் விசாவுக்கு என் அக்கவுண்ட்லதான் பணம் காட்டுறோம். ஜூலை 6 திங்கள் தேதி போட்டு ரெண்டு லெட்டர் வேணும் மேடம்.

முதல்ல பேலன்ஸ் சர்டிபிகேட். போன வாரம் கவுன்டர்ல கேட்டப்போ அன்னைக்கு எஸ்பில எவ்வளவு இருக்குன்னு ஒரு வரி மட்டும் போட்டு சீல் வெச்சு குடுத்தாங்க, அது இந்த விசாவுக்கு பத்தாது. பணம் தொடர்ந்து 28 நாள் குறையாம இருந்திருக்கணும், நடுவுல ஒரு நாள் தேவையான தொகைக்கு கீழ போனாக்கூட விசா ரிஜக்ட் ஆயிடும். ஃபீஸ்ல கட்டினது போக பாக்கி 10,000 பவுண்ட், லண்டனுக்கு வெளிய தங்குற செலவு மாசம் 1,171 வீதம் 9 மாசத்துக்கு 10,539, ஆக 20,539 பவுண்ட். ரேட் ஏறினாலும் சமாளிக்கணும்னு ஒரு பவுண்ட் 130 ரூபாய்னு வெச்சுதான் கணக்கு போட்டேன், 26 லட்சத்து 70 ஆயிரம் வருது. என்கிட்ட எஸ்பில 8,60,000-க்கு மேல, எஃப்டில 19,50,000 இருக்கு. எஸ்பில பெரிய தொகை வந்தது ஜூன் 5-ந் தேதி, ஊர்ல பாகம் பிரிச்சதுல அண்ணன் அனுப்பின 8 லட்சம், பத்திர காப்பி கையில இருக்கு. அதுக்கப்புறம் அந்த அக்கவுண்ட்ல கையே வைக்கல, கரன்ட் பில் கூட கடை அக்கவுண்ட்ல இருந்துதான் கட்டுறேன். அதனால ஜூன் 5-ல இருந்து ஜூலை 6 வரைக்கும் எஸ்பி பேலன்ஸ் 8,60,000-க்கு கீழ போகலன்னு ஸ்டேட்மென்ட்ட பாத்துட்டு ஒரு வரி சேத்து போடுங்க, கூடவே அந்த தேதிகளுக்கு சீல் வெச்ச ஸ்டேட்மென்ட்டும் வேணும். எஃப்டிக்கு ஆரம்பிச்ச தேதி, முடியுற தேதி, தொகை, எப்ப வேணா உடைச்சு எடுத்துக்கலாம்ங்கறது, இதெல்லாம் அதே லெட்டர்லயே வந்துட்டா நல்லது.

ரெண்டாவதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்குது மேடம். 2024-ல வீட்டம்மா ஆபரேஷனுக்கு இந்த எஃப்டி மேல 4 லட்சம் லோன் எடுத்தேன், மே 18-ந் தேதி வட்டியோட முழுசா கட்டி முடிச்சாச்சு, ரசீது இருக்கு. ஆனா நெட் பேங்கிங்ல பாத்தா எஃப்டிக்கு நேரா இன்னும் லியன்னுதான் காட்டுது. விசா ஆபீசர் அத பாத்தா இந்த பணம் அடமானத்துல இருக்கு, பொண்ணு படிப்புக்கு எடுக்க முடியாதுன்னுதான நினைப்பாரு, எஃப்டி கணக்குல சேரலன்னா நாங்க காட்ட வேண்டிய தொகையில பாதி கூட தேறாது. அதனால லியன எடுத்துவிட்டு, லோன் நம்பர், குடுத்த தொகை, மே 18-ல முடிஞ்சது, பாக்கி எதுவும் இல்ல, அன்னையில இருந்து இந்த எஃப்டி மேல பேங்குக்கு எந்த உரிமையும் இல்லங்கறத தெளிவா எழுதி தனி லெட்டரா குடுக்கணும். ரெக்கார்டுல இருக்கறது அப்படியே வந்தா போதும் மேடம், ஒரு தேதி கூட மாத்தி போட வேண்டாம்.

பேர் விஷயம் ஒண்ணு இருக்கு. பாஸ்புக்ல எம்.செல்வராஜ்னு இருக்கு, மக பாஸ்போர்ட், பர்த் சர்டிபிகேட் ரெண்டுலயும் அப்பா பேரு முத்தையா செல்வராஜ், ஆதார்லயும் அப்படித்தான். ரெண்டும் ஒரே ஆள்தான்னு கேஒய்சி பாத்து லெட்டர்ல ரெண்டு பேரையும் போட முடியுமா? ரெண்டு லெட்டரும் இங்கிலீஷ்ல, பேங்க் லெட்டர்ஹெட்ல, அக்கவுண்ட் நம்பர் முழுசா, தேதியோட இருக்கணும், உங்க கையெழுத்துக்கு கீழ பேரு, பதவி, பிராஞ்ச் போன், பேங்க் மெயில் ஐடி எல்லாம் வேணும், ஏன்னா அங்கருந்து பேங்குக்கே கேட்டு சரிபாக்க வாய்ப்பு இருக்கு, அப்படி மெயில் வந்தா கொஞ்சம் பாத்து பதில் போட்டுடுங்க மேடம்.

லெட்டர் தேதியில இருந்து 31 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், நாங்க ஜூலை மூணாவது வாரம் போடப் போறோம், அதான் 6-ந் தேதின்னு கேக்குறேன். ஜூலை 2-க்கு முந்தின தேதி போட்டா அந்த 28 நாள் தேறாது. சார்ஜ், ஜிஎஸ்டி எவ்வளவோ சொல்லுங்க, பணமாவே கட்டிடறேன், எஸ்பில மட்டும் பிடிக்க வேண்டாம்.

லியன் எடுக்க லோன் செக்ஷன்ல ஏதாவது ஃபார்ம் கையெழுத்து போடணும்னா இன்னைக்கு சாயங்காலமே சொல்லுங்க, நாளைக்கு காலைல பேங்க் திறந்ததும் எஃப்டி ரசீது, லோன் கட்டின ரசீது, ஆதார், பான், நிவேதாவோட ஆஃபர் லெட்டர் காப்பி எல்லாம் எடுத்துட்டு வந்துடறேன்.

முத்தையா செல்வராஜ்
புதுக்கோட்டை
1.7.2026