விற்பனைக்கு: மூன்று பர்னர் ஸ்டீல் கேஸ் அடுப்பு, பியெசோ ஆட்டோ இக்னிஷன், வீட்டு சிலிண்டருக்கு மட்டும் (ஸ்ரீரங்கம், திருச்சி)

விலை 2,200 ரூபாய். 2021 மார்ச்சில் 4,850 ரூபாய்க்கு வாங்கியது, பில் இருக்கிறது. கம்பெனி பெயர் முதல் படத்தில் அடுப்பின் முகப்பிலேயே தெரிகிறது. அகலம் 70 சென்டிமீட்டர், முன்னிருந்து பின்வரை 38. உங்கள் மேடையை அளந்து பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள். பழைய வீடுகளில் சிமெண்ட் மேடை குறுகலாக இருக்கும், அங்கே இது முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஏன் விற்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் ஏதோ கோளாறு, அதனால்தான் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நாங்கள் சென்னைக்கு, மகனோடு இருக்கப் போகிறோம். அந்த அடுக்குமாடியில் பைப் கேஸ். இந்த அடுப்பு சிலிண்டர் கேஸுக்குச் செய்தது, அங்கே அப்படியே மாட்ட முடியாது. ஜெட் மாற்றித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். மருமகள் ஏற்கெனவே ஒரு அடுப்பு வைத்திருக்கிறாள், ஒரு வீட்டில் இரண்டு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

மூன்று பர்னர் என்றால் ஒரே நேரத்தில் மூன்று சமையல் என்று கடையில் சொல்வார்கள். நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். நிஜத்தில் இது இரண்டரை அடுப்பு. இடது பக்கம் பெரிய பர்னர், கடைக்காரர் பாஷையில் ஜம்போ. வலது பக்கம் நடுத்தரம். நடுவில் கொஞ்சம் பின்தள்ளி ஒரு சின்ன பர்னர். இடதில் 5 லிட்டர் குக்கரும் வலதில் பெரிய தோசைக்கல்லும் ஏறிவிட்டால், நடுவில் ஒரு பால் குண்டான் அல்லது தாளிப்புக் கரண்டிதான் உட்காரும். இட்லிப் பானை நடுவில் வைத்தால் பக்கத்துப் பாத்திரத்தின் காது இடிக்கும். ஆனால் காலை ஆறரை மணிக்கு குக்கர், சட்னி தாளிப்பு, காபிக்குப் பால் மூன்றும் ஒன்றாக நடக்கும் வீட்டில் அந்த அரை அடுப்பின் அருமை தெரியும். முன்பு இரண்டு பர்னர் வைத்திருந்தபோது பாலை இறக்கி வைத்துவிட்டுத் தாளித்த காலம் எனக்கு மறக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடென்றால் இது தேவையில்லை, இரண்டு பர்னரே போதும், மேடையில் இடமாவது மிஞ்சும். நாலைந்து பேர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

பர்னர் மூடிகள் மூன்றும் பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், இரண்டு நாளில் மறுபடி கறுக்கும், அது பித்தளையின் சுபாவம். ஓட்டைகள் எதுவும் அடைபடவில்லை, குண்டூசியால் குத்திப் பெரிதாக்கவும் இல்லை. (பழைய அடுப்பு யாரிடம் வாங்கினாலும் இதைப் பாருங்கள். குத்திக் குத்திப் பெரிதாக்கிய ஓட்டையில் தீ ஒரே சீராக வராது.) மூன்றிலும் தீ நீலமாகத்தான் எரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஜம்போவில் மஞ்சள் தீ வந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தது. சர்வீஸ்காரர் பர்னருக்குள் இருந்த அழுக்கை எடுத்து, காற்றுப் போகும் வழியைச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கண்ணாடி மேல்பலகை இல்லை. வாங்கும்போது கடையில் கண்ணாடி மாடலைத்தான் முன்னால் எடுத்து வைத்தார்கள், பார்க்க அழகுதான், துடைப்பதும் சுலபம். டஃபண்ட் கண்ணாடி சாதாரணமாகச் சூட்டுக்கு வெடிக்காது என்றார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஓரத்தில் பலமாக ஒரு இடி பட்டால் அது விரிசலோடு நிற்காது, மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். நானோ குக்கரைத் தூக்கித் 'தொப்' என்று வைக்கிற ஆள். அதனால் ஸ்டீல். அந்த முடிவுக்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஸ்டீலின் தரத்தைப் பற்றிப் பெரிதாக அளக்க மாட்டேன். பாடியில் காந்தம் ஒட்டுகிறது. பாத்திரக் கடையில் சொல்வார்களே 304 என்று, அந்த உயர்ந்த ரகம் இது இல்லை. இருந்தாலும் துரு பிடிக்கவில்லை, தினம் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்போம். ஜம்போ பர்னரைச் சுற்றி ஸ்டீல் கொஞ்சம் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருக்கிறது, சூட்டினால் வந்தது, எத்தனை தேய்த்தாலும் போகாது. மூன்றாவது படத்தில் தெளிவாகத் தெரியும். வலது ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பள்ளம், மேல் அலமாரியிலிருந்து இடிகல் விழுந்தது. கேஸ் போகும் குழாய் அந்தப் பக்கம் இல்லை, அதனால் ஆபத்தில்லை. தூக்கும்போது அடிப்பக்க ஓரம் கையைக் கிழிக்கும், துணி சுற்றிப் பிடியுங்கள். ரப்பர் கால் நாலில் ஒன்று போய்விட்டது, கடையில் புஷ் வாங்கிப் போட்டிருக்கிறோம், ஆட்டம் இல்லை. பாத்திரம் வைக்கும் தாங்கிகளும் சிந்துவதைப் பிடிக்கும் தட்டுகளும் மூன்று செட்டும் இருக்கின்றன.

பற்றவைப்பது ஆட்டோ. பியெசோ வகை, அதாவது குமிழை அமுக்கித் திருப்பினால் உள்ளே 'டக்' என்று அடித்துப் பொறி வரும். பேட்டரி கிடையாது, கரண்டும் வேண்டாம். பேட்டரி வைக்கும் ஆட்டோ இக்னிஷனில் பேட்டரி தீர்ந்தது தெரியாமல் நின்றுகொண்டிருப்போம், இதில் அந்தப் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், முதல் அடியில் பற்றாது, இரண்டு மூன்று தடவை 'டக் டக்' என்று அடிக்க வேண்டும்.

குறை இதுதான்: நடு பர்னரின் ஆட்டோ வேலை செய்யாது. பால் பொங்கி ஊற்றி ஊற்றி அந்தப் பொறிமுனையின் பீங்கான் விரிந்துவிட்டது. மாற்ற 350 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். கேஸ் லைட்டர் கையில் இருக்கும்போது எதற்கு என்று நாங்கள் மாற்றவில்லை. பர்னர் நன்றாக எரியும், பொறி மட்டும் வராது. இடதும் வலதும் ஆட்டோவிலேயே பற்றும். இந்த ஒரு குறையை வைத்துத்தான் விலையை 2,500-லிருந்து இறக்கியிருக்கிறேன், ஆகவே இதையே சொல்லி இன்னொரு முறை குறைக்கக் கேட்க வேண்டாம்.

அடுத்தது ரெகுலேட்டர். விசாரித்த நாலு பேரில் மூன்று பேர் இதைத்தான் கேட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரின் மேல் 'கிளிக்' என்று உட்காரும் சாதாரண ரெகுலேட்டர் இதற்குப் பொருந்தும். இண்டேன், பாரத், எச்பி எதுவானாலும் சரி. அடுப்பின் பின்பக்க லேபிளில் கேஸ் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது, வீட்டு ரெகுலேட்டர்களும் ஏறக்குறைய அந்த அழுத்தத்துக்குத்தான் செய்யப்படுகின்றன. அதே லேபிளில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4246 என்ற எண்ணும் இருக்கின்றன, ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

டீக்கடை, டிபன் கடை வைத்திருப்பவர்கள் கேட்டார்கள். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரில் திருகி மாட்டி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஹை பிரஷர் ரெகுலேட்டரில் இதை இணைக்கவே கூடாது. தீ பர்னரை விட்டு எழும்பி நிற்கும், குழாய் இணைப்பிலும் கேஸ் கசியலாம். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் தரப்போவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும்.

பைப் கேஸ் வீட்டுக்கும் இது ஆகாது என்று முதலிலேயே சொன்னேன். காரணம் இதுதான்: குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதே அளவு கேஸில் அதற்குச் சூடு குறைவு, அழுத்தமும் குறைவு, ஆகவே ஜெட்டில் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். இதிலிருக்கும் சின்ன ஓட்டையில் தீ மெழுகுவத்தி மாதிரி எரியும், சாதம் வேகாது.

ரெகுலேட்டர் அடுப்போடு வராது. அது ஏஜென்சியில் டெபாசிட் கட்டி வாங்கியது, சிலிண்டரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபும் தரமாட்டேன். அதற்கு ஐந்து வருடம்தான் ஆயுள், எங்களுடையதில் 2021 என்று அச்சிட்டிருக்கிறது. பழைய ட்யூபை இனாமாகக் கொடுத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். உங்கள் ஏஜென்சியில் ஒன்றரை மீட்டர் ட்யூப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ட்யூப் மாட்டும் முனை அடுப்பின் பின்பக்கம் இடது மூலையில் இருக்கிறது, உங்கள் சிலிண்டர் வலது பக்கம் இருந்தால் ட்யூப் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் உரசாமல் சுற்றிக்கொண்டு வர இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடது குமிழ் போன வருடம் இறுகிப் போயிருந்தது, கிரீஸ் போட்டுச் சரிசெய்தாயிற்று. குமிழ்களில் ஒன்று மட்டும் வேறு நிறம், உடைந்ததற்குப் பதிலாகப் போட்டது. கசிவு எதுவும் இல்லை. வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், சோப்புத் தண்ணீர் தடவி உங்கள் எதிரிலேயே காட்டுகிறேன்.

இம்மாதம் 24-ம் தேதி சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைக்கிறோம். அதற்குமுன் வந்தால் மூன்று பர்னரையும் பற்றவைத்துக் காட்ட முடியும், காபியும் கிடைக்கும். 24-க்குப் பிறகு வந்தால் அடுப்பைத் தூக்கித்தான் பார்க்கலாம், எரிவதைப் பார்க்க முடியாது. ஆகவே முன்னாடியே வாருங்கள். காலை 10 மணிக்கு மேல், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை வேண்டாம், வீட்டுக்காரர் தூங்குவார். வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, தூக்க ஒரு ஆளோடு வாருங்கள். பணம் ரொக்கமாகவோ ஜிபேயிலோ கொடுக்கலாம். முன்பணம் வாங்கிப் பிடித்து வைக்க மாட்டேன், முதலில் வந்து பார்த்து எடுப்பவருக்கே அடுப்பு.